மொழிபெயர்ப்பானில் போட்ட வியாபாரக் கடிதம்: திருப்பித் தமிழாக்கினால் சரியாக வருகிறது, நம்பி அனுப்பலாமா?

சரக்குப்பெட்டி

எல்லாருக்கும் வணக்கம். வெளிநாட்டில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். ஆங்கிலம் படித்தால் எனக்குப் புரியும், ஆனால் சொந்தமாக எழுதத் தடுமாறுவேன். அதனால் தமிழில் எழுதி, மொழிபெயர்ப்பானில் போட்டு எடுப்பதுதான் வழக்கம். இந்த முறை பணவிஷயம் என்பதால் அனுப்புவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

நான் எழுதியது இதுதான்:

"வணக்கம். நீங்கள் கேட்ட சரக்கு தயார். பாக்கித் தொகை இன்னும் அனுப்பவில்லை. இந்த வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். அது வராமல் கப்பலில் ஏற்ற முடியாது. போன முறை சேதமான 12 பெட்டிகளுக்கான செலவை நாம் ஏற்றுக்கொள்ளலாம். மற்ற விவரங்களைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்."

வந்த ஆங்கிலத்தை எடுத்து மறுபடியும் தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியம் மட்டும் "நாங்கள் இன்னும் பாக்கித் தொகையை அனுப்பவில்லை" என்று வந்தது. அதைத் திருத்திவிடுவேன். மற்றதெல்லாம் நான் எழுதிய மாதிரியேதான் இருக்கிறது. அப்படியே அனுப்பலாமா?

நேர்கோடு

திருப்பி மாற்றிப் பார்ப்பதுதான் சரியான வழி, நானும் அதைத்தான் செய்கிறேன். ஒரே ஒரு திருத்தம். போவதற்கு ஒரு மொழிபெயர்ப்பான், திரும்பி வருவதற்கு வேறொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கருவி என்றால் போகும்போது செய்த தப்பை வரும்போது தானே மூடிவிடும். இரண்டு வேறு கருவிகள் வழியாகப் போய்வந்தும் அர்த்தம் அப்படியே இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம்.

புதுசு

எனக்கும் இதே பிரச்சினைதான். அவர்களிடமிருந்து வருகிற பதிலைத் தமிழில் போட்டால் ஒன்றும் புரிவதில்லை. "உங்கள் செய்தியைக் குறித்துக்கொண்டோம்" என்று வருகிறது. அப்படியென்றால் ஒத்துக்கொண்டார்களா, இல்லையா?

வரிக்குவரி

புதுசு, நீங்கள் கேட்பது எதிர்த்திசை. இங்கே பேச்சு போகிற கடிதத்தைப் பற்றி. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அந்த வரியில் பொதுவாகச் சம்மதம் கிடையாது, "படித்தோம்" என்பதோடு சரி. சம்மதமா என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

சரக்குப்பெட்டி, இந்தக் கடிதத்தை அப்படியே அனுப்பாதீர்கள். நான் தமிழ்-ஆங்கில மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். கருவி தந்ததைத் திருத்துகிற வேலையும் நிறைய வரும். உங்கள் ஆங்கிலத்தையும் பார்த்தால் நல்லது. இங்கே தமிழ் எழுத்திலேயே போடுங்கள், எல்லாரும் படிக்கட்டும். மூன்றாவது, ஐந்தாவது வாக்கியங்கள் எப்படி வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது.

சரக்குப்பெட்டி

பணம் பற்றிய வாக்கியங்கள் இப்படி வந்தன, ஐயா. இரண்டாவது, "வீ ஹேவ் நாட் சென்ட் த பேலன்ஸ் யெட்." மூன்றாவது, "யூ மஸ்ட் சென்ட் இட் விதின் திஸ் வீக்." சேதத்துக்கானது, "வீ கேன் பேர் த காஸ்ட்" என்று தொடங்கி 12 பெட்டி என்று முடிகிறது. கடைசி வரியில் "லுக் எ லிட்டில்" என்று ஏதோ இருக்கிறது. அது மட்டும் கொஞ்சம் விநோதமாகப் பட்டது.

வரிக்குவரி

நினைத்தது சரிதான். இரண்டாவது வாக்கியத்திலிருந்தே தொடங்குவோம். மற்ற எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

"அனுப்பினேன்" என்றால் நான், "அனுப்பினீர்கள்" என்றால் நீங்கள். யார் என்பது வினையிலேயே ஒட்டியிருக்கிறது. அதனால் நாம் எழுவாயை எழுதாமலே பழகிவிட்டோம். ஆனால் "அனுப்பவில்லை" என்பதில் அந்த ஒட்டு கிடையாது. நான் அனுப்பவில்லை, நீங்கள் அனுப்பவில்லை, அவர்கள் அனுப்பவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். வேண்டும், முடியாது, கூடாது, "ஏற்கலாம்" மாதிரி வருகிற லாம், இவையும் அப்படித்தான். கடிதத்தைப் படிக்கிற மனிதர் சூழலை வைத்து யார் என்று புரிந்துகொள்வார். ஆங்கிலத்திலோ எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. அதனால் கருவி யாரையாவது கொண்டுவந்து நிறுத்தியே தீர வேண்டும். உங்கள் கடிதத்தில் "நாங்கள்" என்று நிறுத்திவிட்டது. பாக்கி வைத்திருப்பவர் நீங்கள் என்று ஆகிவிட்டது.

இதைத் திருப்பிப் பார்த்துப் பிடித்துவிட்டீர்கள், நல்லது. இப்போது மூன்றாவதைப் பாருங்கள். ஆங்கிலத்தில் இருப்பது "மஸ்ட்". கடன் கொடுத்தவன் கடைசி எச்சரிக்கை விடுகிற தொனி அது. அதைத் தமிழுக்குத் திருப்பினால் என்ன வரும்? "நீங்கள் அனுப்ப வேண்டும்." நீங்கள் எழுதியதும் அதுதான். மஸ்ட் ஆனாலும், ஷுட் ஆனாலும், நீட் டு ஆனாலும் தமிழுக்கு வந்தால் பெரும்பாலும் "வேண்டும்" என்றுதான் இறங்கும். கடுமை எவ்வளவு என்பதைக் காட்டுகிற இடமே அந்தச் சொல்லில் இல்லை. ஆக, திருப்பிப் பார்க்கிற சோதனையில் இந்த வாக்கியம் எப்போதுமே தேறிவிடும்.

நேர்கோடு சொன்ன இரண்டு கருவி யோசனை இரண்டாவது வாக்கியத்துக்கு உதவும், மறுக்கவில்லை. மூன்றாவதற்கு உதவாது. பத்துக் கருவி வைத்தாலும் மஸ்ட் என்பது "வேண்டும்" ஆகத்தான் திரும்பும்.

நேர்கோடு

நியாயம். ஆனால் இது தொனி மட்டும்தானே? அர்த்தம் மாறவில்லையே. பணம் அனுப்பச் சொல்கிறோம், அதுதான் போய்ச் சேர்கிறது.

வரிக்குவரி

அர்த்தமும் மாறுகிற இடம் ஐந்தாவது வாக்கியம். சரக்குப்பெட்டி, "செலவை நாம் ஏற்றுக்கொள்ளலாம்" என்று எழுதினீர்களே, யார் யார் ஏற்பதாக நினைத்தீர்கள்?

சரக்குப்பெட்டி

பாதி நாங்கள், பாதி அவர்கள். போன மாதம் தொலைபேசியில் பேசும்போது அப்படித்தான் முடிவானது. அதனால்தான் "நாம்" என்று போட்டேன்.

வரிக்குவரி

அதேதான். தமிழில் "நாம்" என்றால் கேட்பவரும் உள்ளே, "நாங்கள்" என்றால் அவர் வெளியே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே "வீ". நிறுவனத்திலிருந்து போகிற கடிதத்தில் "வீ" என்று பார்த்தால் படிப்பவர் அதை அந்த நிறுவனம் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆக நீங்கள் அனுப்பப்போகிற கடிதத்தில், 12 பெட்டிச் செலவு முழுவதையும் நாங்களே ஏற்கத் தயார் என்று எழுத்தில் இருக்கிறது. நாளைக்கு அவர் கணக்கில் அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பினால் நீங்கள் ஒன்றும் பேச முடியாது.

திருப்பிப் பார்க்கும்போது இது "நாங்கள்" என்று வந்ததா, "நாம்" என்று வந்ததா?

சரக்குப்பெட்டி

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். "நாங்கள்" என்று இருக்கிறது. கண்ணில் பட்டும் மனதில் பதியவில்லை.

வரிக்குவரி

எழுதியவருக்குப் பதியாது. என்ன எழுதினோம் என்று தெரிந்த கண், அதையேதான் படிக்கும். அதனால் நான் செய்வது வேறு. தமிழை மூடி வைத்துவிட்டு ஆங்கிலத்தை மட்டும் எடுத்து, ஒவ்வொரு வினைக்கும் யார் செய்கிறார்கள் என்று எழுதிக்கொண்டே போவேன். சரக்கு தயார். நாங்கள் பணம் அனுப்பவில்லை. நீங்கள் அனுப்பியே ஆக வேண்டும். நாங்கள் செலவை ஏற்போம். இப்படி எழுதினால் அபத்தம் தானாக வெளியே வந்துவிடும். நாங்கள் அனுப்பாத பணத்தை அவர் எதற்கு அனுப்ப வேண்டும்? பல கருவிகள் வாக்கியத்துக்கு வாக்கியம் தனித்தனியாகத்தான் பார்க்கின்றன. அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒன்றையொன்று வெட்டுவது அவற்றுக்குத் தெரியாது.

பழைய கணக்கு

எல்லாம் சரி. ஒன்று கேட்கிறேன். பணம் தராமல் இழுக்கிறவனுக்கு மஸ்ட் என்று எழுதினால் என்ன தப்பு? குழைந்து எழுதினால் குழைந்துதான் பதில் வரும். நான் வசூலுக்கு எழுதுகிற கடிதத்தில் ப்ளீஸ் என்ற சொல்லே இருக்காது.

வரிக்குவரி

அண்ணா, நீங்கள் வேண்டுமென்றே மஸ்ட் போட்டால் அது உங்கள் விருப்பம். கெடு தாண்டி, நினைவூட்டலுக்கும் பதில் இல்லாமல் போன பிறகு எழுதுகிற கடிதம் என்றால் நானே அதை விட்டுவைப்பேன். இங்கே சரக்கு இப்போதுதான் தயாராகியிருக்கிறது, இது முதல் கடிதம். சரக்குப்பெட்டி, அவர் கெடு எதையும் தாண்டவில்லையே?

சரக்குப்பெட்டி

இல்லை ஐயா, நல்ல மனிதர். சரக்கு ஏற்றும் முன் பாக்கி தருவதாகத்தான் பேச்சு. நான் நினைவூட்டத்தான் எழுதுகிறேன்.

பழைய கணக்கு

முதல் கடிதம் என்றால் சரி. ஆனாலும் பணவிஷயத்தில் கேள்விக்குறி போட்டு எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "முடியுமா" என்று கேட்டால் "முடியாது" என்று சொல்ல இடம் கொடுக்கிறோம்.

மழைக்குருவி

நடுவில் என் கதையைச் சொல்கிறேன். நான் தமிழிலிருந்து நேரே ஜெர்மனுக்கு மாற்றி அனுப்புவேன். எனக்கு ஜெர்மன் ஒரு எழுத்தும் தெரியாது. ஒரு நாள் அங்கிருந்து ஒருவர், "உங்கள் கடிதத்தில் பாதி என்னை மரியாதையாகவும் பாதி நண்பனைப் போலவும் கூப்பிடுகிறீர்களே" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் முழுக்க "நீங்கள்" என்றுதான் எழுதியிருந்தேன். எங்கே போனது அந்த மரியாதை?

வரிக்குவரி

நடுவழியில் ஆங்கிலத்தில் விழுந்திருக்கும். தமிழ்-ஜெர்மன் மாதிரி ஜோடிகளைப் பல கருவிகள் ஆங்கிலம் வழியாகத்தான் மாற்றுகின்றன. "நீங்கள்" என்பது ஆங்கிலத்தில் "யூ" ஆனதும் நீயா நீங்களா என்ற தகவல் போய்விடும். அடுத்த கட்டத்தில் ஜெர்மனுக்குப் போகும்போது கருவி ஊகிக்க வேண்டியதுதான். வாக்கியத்துக்கு வாக்கியம் தனியாக ஊகித்தால் கலந்து வரும்.

ஜெர்மன் தெரியாமலே இதைப் பிடிக்கலாம். கடிதத்தில் இந்தச் சொற்களைத் தேடிப் பாருங்கள்:

```
du  dich  dir  dein
```

இவற்றில் ஏதாவது இருந்தால் அந்த வாக்கியம் "நீ" என்று பேசுகிறது. முதல் மூன்றையும் முழுச் சொல்லாகத் தேடுங்கள், இல்லையென்றால் வேறு சொற்களின் உள்ளே இருப்பதெல்லாம் மாட்டும். கடைசிச் சொல்லுக்குப் பின்னொட்டு சேரும், அதனால் அதை மட்டும் சொல்லின் தொடக்கமாகத் தேடுங்கள். மரியாதை வடிவம் `Sie`, `Ihnen`, `Ihr` என்று பெரிய எழுத்தில் தொடங்கும். சிறிய எழுத்தில் `sie` என்று வந்தால் அவள் அல்லது அவர்கள். அதுவும் ஒரு பொறி, உங்களைச் சொல்வதற்குப் பதில் வேறு யாரையோ சொல்வதாக ஆகிவிடும். வாக்கியத்தின் முதல் சொல்லாக இருந்தால் எப்படியும் பெரிய எழுத்துதான், அங்கே இதை வைத்து முடிவு செய்ய முடியாது.

சில சேவைகளில் மரியாதை வடிவம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற வசதி இருக்கிறது. இருந்தால் அதைப் போட்டுவிட்டு இந்தத் தேடலையும் செய்யுங்கள்.

மழைக்குருவி

இதுவரை அனுப்பியதையெல்லாம் தேடிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. சரி, பார்க்கிறேன்.

சரக்குப்பெட்டி

என் கடிதத்துக்கு வருவோம். ஆங்கிலத்தைத் திருத்துகிற தெம்பு எனக்கு இல்லை. தமிழை மாற்றி எழுதினால் போதுமா?

வரிக்குவரி

உங்களுக்கு அதுதான் சரியான வழி. கருவிக்கு ஊகிக்க இடம் வைக்காமல் தமிழை எழுதுங்கள். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பரவாயில்லை, தமிழில் அதை யாரும் படிக்கப்போவதில்லை.

"பாக்கித் தொகை எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை" என்று எழுதுங்கள். இப்போது சேராதது தொகை. யார் அனுப்பவில்லை என்ற கேள்வியே எழாது, குற்றம் சாட்டுகிற தொனியும் குறைந்துவிடும். "இந்த வாரத்துக்குள்" என்பதை எடுத்துவிட்டுத் தேதி போடுங்கள். தேதியையும் 05/06 என்று எழுதாதீர்கள், அமெரிக்காவில் அது மே 6, பல நாடுகளில் ஜூன் 5. மாதத்தின் பெயரை எழுத்திலேயே எழுதிவிடுங்கள். "அது வராமல் ஏற்ற முடியாது" என்று மிரட்டுவது மாதிரி இருப்பதை, "தொகை வந்ததும் நாங்கள் சரக்கைக் கப்பலில் ஏற்றுவோம்" என்று உடன்பாடாகத் திருப்பிவிடுங்கள். சொல்லும் நிபந்தனை அதேதான். ஏற்றுவோம் என்பதில் யார் என்பதும் இருக்கிறது. சேதச் செலவுக்கு "பாதியை நாங்கள் ஏற்கிறோம், மறு பாதியை நீங்கள் ஏற்கிறீர்கள்" என்று இரண்டு ஆளையும் எழுதியே ஆக வேண்டும்.

கடைசி வரியில் "கொஞ்சம்" என்று நீங்கள் போட்டது பணிவுக்காக. கருவி அதை அளவாக எடுத்துக்கொண்டது. வெட்டிவிடுங்கள்.

நேர்கோடு

எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை "பத்துப் பன்னிரண்டு நாளில்" என்று எழுதினேன், வெறும் 12 நாள் என்று போனது. ஒன்றரை லட்சம் மாதிரி எழுதுவதையும் விட்டுவிட்டேன், நேரே 150,000 என்று இலக்கத்தில்தான். 1,50,000 என்று காற்புள்ளி வைத்தால் அவர்களுக்கு ஒரு இலக்கம் விட்டுப்போன மாதிரித் தெரிகிறதாம். அனுப்பும் முன் இரண்டு பக்கத்திலும் உள்ள எண்களை மட்டும் ஒரு முறை ஒப்பிட்டுவிடுவேன்.

சரக்குப்பெட்டி

மாற்றி எழுதினேன். புதுத் தமிழ்:

"பாக்கித் தொகை எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதை நீங்கள் ஜூன் 14-ஆம் தேதிக்குள் அனுப்பி உதவ முடியுமா? தொகை வந்ததும் நாங்கள் சரக்கைக் கப்பலில் ஏற்றுவோம். தொலைபேசியில் பேசியபடி, சேதமான 12 பெட்டிகளுக்கான செலவில் பாதியை நாங்கள் ஏற்கிறோம், மறு பாதியை நீங்கள் ஏற்கிறீர்கள். இணைத்துள்ள பட்டியலைச் சரிபார்த்து, மாற்றம் இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள்."

தமிழை மூடிவிட்டு ஆங்கிலத்தில் யார் யார் என்று எழுதிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. "கேன் யூ ஹெல்ப் சென்ட் இட்" என்று ஒரு இடம் மட்டும் உறுத்துகிறது.

வரிக்குவரி

உறுத்துவது சரிதான். "அனுப்பி உதவ" என்பது நமக்கு மரியாதை வழக்கு. அங்கே அது வேறு யாரோ அனுப்புகிற பணத்துக்கு அவர் கைகொடுப்பது மாதிரி ஆகிவிட்டது. உதவ, தயவு, அருள்கூர்ந்து மாதிரி நாம் மரியாதைக்குச் சேர்க்கிற சொற்கள் அப்படியே அர்த்தமாக மாறிவிடுவது உண்டு. "நீங்கள் அனுப்ப முடியுமா" என்று மட்டும் வையுங்கள். ஆங்கிலத்தில் "கேன் யூ" என்று வந்தால் "குட் யூ ப்ளீஸ்" என்று கையால் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மேல் ஆங்கிலத்தைத் தொட வேண்டாம்.

வங்கிக் கணக்கு எண் ஏதாவது கடிதத்தில் இருந்தால் அதைக் கருவியில் போடாமல், கடைசியில் உங்கள் ஆவணத்திலிருந்து நேரே ஒட்டுங்கள்.

மழைக்குருவி

நான் இப்போதெல்லாம் மொழிபெயர்ப்புக்குக் கீழே தமிழ் மூலத்தையும் ஒட்டி அனுப்புகிறேன். சந்தேகம் வந்தால் அவர்களே யாரிடமாவது காட்டிக் கேட்டுக்கொள்வார்களே?

பழைய கணக்கு

அது வம்பு. இரண்டு பிரதி போனால், தகராறு வரும்போது அவனவன் தனக்குச் சாதகமானதைக் கையில் எடுப்பான். ஒன்றுதான் போக வேண்டும்.

நேர்கோடு

எனக்கு மழைக்குருவி செய்வதுதான் சரியாகப் படுகிறது. தப்பு நடந்துவிட்டால், நாம் நினைத்தது இதுதான் என்று காட்ட ஏதாவது வேண்டாமா?

வரிக்குவரி

இதில் எனக்கும் ஒரு முடிவு கிடையாது. சாதாரண விசாரிப்பு, நினைவூட்டல் என்றால் ஒட்டலாம். விலை, செலவுப் பங்கீடு, கெடு எல்லாம் இருக்கிற கடிதத்தில் பழைய கணக்கு சொல்கிற ஆபத்து உண்மையானது. அப்படி ஒட்டுவதானால் எந்தப் பிரதி செல்லும் என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். அந்த வரியையும் கருவிதான் மொழிபெயர்க்கும் என்பது வேறு விஷயம்.

சரக்குப்பெட்டி

கடிதம் போய்விட்டது, தமிழ்ப் பிரதி சேர்க்கவில்லை. சேதப் பங்கீட்டு வாக்கியத்தை மட்டும் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒரு நண்பரிடம் காட்டினேன். "பேசியபடி" என்பது சரியாக வந்திருக்கிறது என்றார். ஆனால் அவர் இன்னொன்றைக் கேட்டார்: செலவு என்றால் பெட்டியின் விலையா, திருப்பி அனுப்பும் போக்குவரத்தும் சேர்த்தா என்று. தமிழிலேயே நான் அதைச் சொல்லவில்லை. அதற்குத் தனியாக இன்னொரு கடிதம் எழுதப்போகிறேன். எழுதியதும் இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் ஐயா.